திரை செம்மஞ்சளாக மாறினால் தூக்கம் வந்துவிடுமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் கண் பரிசோதகராக வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். வயது 46. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்து என் மேசைமீது வைத்தார். திரை முழுவதும் தே தாரிக் நிறத்தில் இருந்தது.

“தம்பி, நீல ஒளிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது, கண்ணையும் கெடுக்கிறது என்றார்கள். ஆறு மாதமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன். பதினொரு மணிக்குப் படுத்தால் பன்னிரண்டரை வரை தூக்கம் வருவதில்லை. கண் எரிச்சலும் போகவில்லை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமா?”

ஏறக்குறைய இதே கேள்வியை வாரம் இரண்டு மூன்று முறையாவது கேட்கிறேன். கேள்விக்குள் இரண்டு தொல்லைகள் இருக்கின்றன: தூக்கம் வராதது, கண் களைப்பு. இரண்டையும் ஒரே பொத்தானால் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்பதை டீச்சரின் கைப்பேசியை வைத்தே விளக்க முயல்கிறேன்.

முதலில், அந்தப் பொத்தான் என்ன செய்கிறது? கைப்பேசித் திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நுண்விளக்குகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து எரிந்தால் வெள்ளை. இரவுப் பயன்முறையை இயக்கினால் நீலம் வெகுவாகவும், பச்சை ஓரளவும் மங்குகின்றன. சிவப்பு அப்படியே நிற்கிறது. அதனால் வெள்ளைத் தாள் போன்ற பக்கம் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் மாறுகிறது. ஐபோனில் இதற்கு Night Shift என்று பெயர். சாம்சங்கில் Eye comfort shield. வேறு பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் Night Light. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

பின்னணி கறுப்பாகி எழுத்து வெள்ளையாகும் இருண்ட திரை வேறு, இது வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இருண்ட திரையில் நிறம் மாறுவதில்லை; திரையிலிருந்து வரும் மொத்த ஒளி குறைகிறது. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

நீலத்தின்மேல் பழி விழுந்த கதை

பழி வீணாக விழவில்லை. நம் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இரண்டு வகைச் செல்கள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம்: மங்கலான ஒளிக்குக் கோல்கள், நிறங்களுக்குக் கூம்புகள். 2002-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சனும் அவருடைய குழுவினரும் மூன்றாவதாக ஒரு வகைச் செல் ஒளியைத் தானே உணர்கிறது என்று காட்டினார்கள். அந்தச் செல்கள் உருவத்தைப் பார்ப்பதற்காகப் பெரிதாக உழைப்பதில்லை. வெளியே பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. நான் அவற்றைக் கடிகாரச் செல்கள் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அவற்றில் உள்ள மெலனாப்சின் என்னும் நிறமி, ஒளியலையின் நீளம் 480 நானோமீட்டர் அளவில் இருக்கும்போது மிக நன்றாகத் தூண்டப்படுகிறது. நம் கண்ணுக்கு அது வானத்து நீலம்.

கடிகாரச் செல்கள் ‘இன்னும் பகல்தான்’ என்று செய்தி அனுப்பினால் மூளை மெலட்டோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. மெலட்டோனின் தூக்க மருந்து அல்ல. ‘இரவு தொடங்கிவிட்டது’ என்று உடம்பு முழுவதற்கும் சொல்லும் தண்டோரா. அது தாமதமானால் உறக்கமும் தாமதமாக வாய்ப்பு உண்டு. திரைகளில் நீலம் அதிகம், கடிகாரச் செல்களுக்கு நீலம் பிடிக்கும், ஆகவே திரையில் நீலத்தைக் குறைத்தால் தூக்கம் வரும். இந்தச் சங்கிலி கேட்பதற்கு மிகப் பொருத்தமாக இருக்கிறது. கைப்பேசி நிறுவனங்களும் 2016-ஐ ஒட்டி இந்த வசதியைக் கைப்பேசிகளிலேயே சேர்க்கத் தொடங்கின.

சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் விடுபட்டுப் போயிற்று. அது அளவு. கடிகாரச் செல்கள் ஒளியின் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம் என்றும் கணக்கெடுக்கின்றன. பச்சை ஒளியாலும் அவை தூண்டப்படும், அது போதுமான அளவு இருந்தால். ஆகவே திரையிலிருந்து டீச்சரின் கண்ணுக்கு உண்மையில் எவ்வளவு ஒளி போகிறது என்று பார்க்காமல் நிறத்தைப் பற்றி மட்டும் பேசுவது, உப்பின் வகையைப் பற்றிப் பேசிவிட்டு எத்தனை கரண்டி போட்டோம் என்பதை மறப்பது போன்றது.

மேசைமீது ஒரு கணக்கு

ஒரு தாளை எடுத்து டீச்சரின் முன்னாலேயே கணக்குப் போட்டேன். அவர் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுப்பவர். எனக்கு முன்பே விடையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு பரப்பின் பிரகாசத்தை நிட் என்னும் அலகால் அளக்கிறார்கள். கண்ணை வந்தடையும் ஒளியை லக்ஸ் என்னும் அலகால் அளக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக எளிய வழி உண்டு. திரையின் பிரகாசத்தை அதன் பரப்பளவால் பெருக்கி, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தொலைவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பரப்பும் தொலைவும் மீட்டர் கணக்கில் இருக்க வேண்டும்.

```
லக்ஸ் = நிட் × பரப்பு ÷ (தொலைவு × தொலைவு)
```

டீச்சரின் கைப்பேசித் திரை ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளம். அதாவது 0.0105 சதுர மீட்டர். அவர் அதைக் கையில் பிடித்திருக்கும் தொலைவை அளந்தேன்: 30 சென்டிமீட்டர். பிரகாசக் கோடு கிட்டத்தட்டக் கடைசிவரை தள்ளப்பட்டிருந்தது. அதற்கு 400 நிட் என்று வைத்துக்கொண்டோம். திரை முழுவதும் வெள்ளையாக இருந்தால் 400 × 0.0105 = 4.2. அதை 0.09-ஆல் வகுத்தால் சுமார் 47 லக்ஸ்.

இப்போது இரவுப் பயன்முறையை முழு அளவுக்கு வைப்போம். கடிகாரச் செல்களின் பார்வையில் அந்த 47 எவ்வளவாகக் குறையும்? கைப்பேசிக்குக் கைப்பேசி வேறுபட்டாலும், நன்றாகச் செம்மஞ்சளாக்கிய திரை அந்தச் செல்களைத் தூண்டும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது என்று கொள்ளலாம். அதாவது 23 அல்லது 24.

அடுத்ததாக நிறத்தை மாற்றாமல் வேறு இரண்டை மாற்றினோம். பிரகாசத்தை 40 நிட் அளவுக்கு இறக்கினோம். கைப்பேசியை 40 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் பிடித்தோம். 40 × 0.0105 = 0.42. அதை 0.16-ஆல் வகுத்தால் 2.6 லக்ஸ்.

டீச்சர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். செம்மஞ்சள் பொத்தான் 47-ஐ 23 ஆக்கியது. விரலால் கோட்டை இறக்கியதும் கையைச் சற்று நீட்டியதும் அதே 47-ஐ மூன்றுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. இரவுப் பயன்முறை செய்வது பொய்யில்லை. அது செய்யும் வேலை சிறியது, அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான ஒன்றை அவர் வாயாலேயே கேட்டேன். “இந்த நிறம் போட்டதும் எழுத்து மங்கலாகத் தெரிந்தது தம்பி, அதனால்தான் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தேன்.” பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நீலத்தையும் பச்சையையும் குறைத்தால் திரை மங்கலாகத்தான் தோன்றும். மனிதர் இயல்பாக பிரகாசத்தை ஏற்றுவார். வடிகட்டியால் கிடைத்த அந்தப் பாதி ஆதாயமும் அதில் கரைந்துவிடும். முன்பு நடுவில் இருந்த கோட்டை அவர் கடைசிக்குத் தள்ளிவிட்டார் என்றால், ஆறு மாதமாக அவருடைய கண்ணுக்குப் போனது பழைய அளவே, நிறம் மட்டும் வேறு. சில சமயம் முன்பைவிடக் கூடுதலாகவும் போயிருக்கும். உங்கள் கைப்பேசியில் இது நடந்திருக்கிறதா என்று அறிய விரும்பினால் இன்றிரவே பொத்தானை அணைத்துப் பாருங்கள். திரை கண்ணைக் கூசச் செய்யும் அளவுக்கு வெளுத்தால், வடிகட்டிக்காகப் பிரகாசத்தை ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

கூரையில் எரியும் விளக்கையும் மறக்கக் கூடாது. நம் ஊர் வீடுகளில் கூடத்துக்குப் பகல் வெள்ளை நிற விளக்குதான் பெரும்பாலும். மலாயில் லம்பு கலிமந்தாங் என்று சொல்லும் குழல் விளக்கு எரிந்த இடத்தில் இப்போது அதே வெண்மையில் எல்இடி குழல் எரிகிறது. டீச்சர் தன் மகனின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, சோபாவில் உட்கார்ந்தபடி கண் உயரத்தில் பிடித்துப் பார்த்து எனக்குச் சொன்னார்: நூற்றுக்குச் சற்று மேல். இத்தகைய செயலிகள் துல்லியமானவை அல்ல. ஆனால் பத்தா, நூறா என்று அறியப் போதும். நூறு லக்ஸ் வெள்ளொளியில் பத்து மணிவரை உட்கார்ந்துகொண்டு, கையில் இருக்கும் கைப்பேசியின் நீலத்தை மட்டும் குறைப்பதால் கடிகாரச் செல்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

2022-இல் பல நாடுகளைச் சேர்ந்த ஒளி ஆய்வாளர்கள் கூடி ஒரு பரிந்துரையை வெளியிட்டார்கள். படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் கடிகாரச் செல்களின் கணக்கில் 10 லக்ஸுக்குமேல் கண்ணை அடையாமல் இருப்பது நல்லது என்பது அதன் ஒரு பகுதி. பகலில் குறைந்தது 250 வேண்டும் என்பது மற்றொரு பகுதி. முதல் பகுதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுபவர் குறைவு. அதற்குத் திரும்பி வருகிறேன்.

ஆய்வகத்தில் என்ன கண்டார்கள்

திரை தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, பாஸ்டன் நகரின் பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் நடந்தது. 2014-இன் இறுதியில் வெளிவந்தது. 12 பேர் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். ஐந்து இரவுகள் டேப்லெட்டிலும் ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் வாசித்தார்கள். டேப்லெட்டில் வாசித்த இரவுகளில் மெலட்டோனின் வெகுவாகக் குறைந்தது. மறுநாள் அது சுரக்கத் தொடங்கும் நேரம் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் தள்ளிப்போனது. தலைப்புச் செய்திகள் இங்கே நின்றுவிட்டன. அவர்கள் தூங்கத் தொடங்கியது எவ்வளவு தாமதம் தெரியுமா? சராசரியாகப் பத்து நிமிடம். அதுவும் ஒவ்வோர் இரவும் நான்கு மணி நேரம், முழுப் பிரகாசத்தில், மங்கலான அறையில் வாசித்த பிறகு.

அந்த ஆய்வைத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஒளி உடல் கடிகாரத்தை நகர்த்துகிறது என்பதை அது தெளிவாகக் காட்டியது. டீச்சரின் ஒன்றரை மணி நேர விழிப்பை அந்தப் பத்து நிமிடம் விளக்காது என்பதே நான் சொல்ல வருவது.

வடிகட்டியையே நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ரென்ஸ்லேர் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஒளி ஆய்வு மையத்தில் 12 இளைஞர்களுக்கு ஐபேடின் Night Shift வசதியை இரண்டு நிலைகளில் வைத்துக் கொடுத்தார்கள்: ஒன்றில் திரை ஏறக்குறைய வழக்கமான வெண்மையில், மற்றொன்றில் நன்றாகச் செம்மஞ்சளாக. இரண்டிலும் மெலட்டோனின் குறைந்தது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிரகாசத்தைக் குறைக்காமல் நிறத்தை மட்டும் மாற்றுவது போதாது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாங்கள் மேசைமீது போட்ட கணக்கும் அதைத்தான் சொன்னது.

ஆய்வகத்துக்கு வெளியே, வீட்டுப் படுக்கையில்? 2021-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் 18 முதல் 24 வயதுவரை உள்ள 167 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் படுக்குமுன் Night Shift போட்டுக் கைப்பேசியைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் பிரிவினர் அதைப் போடாமல் பயன்படுத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் கைப்பேசியைத் தொடவே இல்லை. மணிக்கட்டில் கட்டிய கருவி ஏழு இரவுகள் அவர்களின் தூக்கத்தைக் கணக்கெடுத்தது. மொத்தத்தில் மூன்று பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. சராசரியாக 6.8 மணி நேரத்துக்குமேல் தூங்குபவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, கைப்பேசியைத் தொடாதவர்களின் தூக்கம் சற்று மேலாக இருந்தது. கைப்பேசி வைத்திருந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையே அப்போதும் வேறுபாடு இல்லை. 6.8 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்களுக்கு எதுவுமே மாறவில்லை. களைப்பே அவர்களைத் தூங்க வைத்துவிட்டது என்று கருதலாம்.

இந்த ஆய்வுகள் எதுவும் பெரியவை அல்ல. பங்கேற்றவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிக அதிகம். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வொன்று 2019-இல் இதை அளந்து காட்டியது. மெலட்டோனினைப் பாதியாகக் குறைக்க ஒருவருக்கு வெறும் 6 லக்ஸ் போதுமாக இருந்தது. மற்றொருவருக்கு 350 லக்ஸ் தேவைப்பட்டது. ஆகவே ‘எனக்கு வடிகட்டி போட்ட பிறகுதான் தூக்கம் வருகிறது’ என்று ஒருவர் சொன்னால் நான் மறுப்பதில்லை. அவர் அந்த 6 லக்ஸ் மனிதராக இருக்கலாம். அதைப் போட்டிருப்பதால் தீங்கும் இல்லை.

டீச்சரின் இரவு

அப்படியானால் பதினொரு மணிமுதல் பன்னிரண்டரைவரை என்ன நடக்கிறது என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார். படுக்கையில் சாய்ந்ததும் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழு. பிறகு பள்ளி ஆசிரியர் குழு. அடுத்த நாள் நிகழ்ச்சி பற்றித் தலைமையாசிரியர் ஏதேனும் அனுப்பியிருப்பார். ஒரு தாய் ‘என் மகனுக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது’ என்று கேட்டிருப்பார். பதில் எழுதுவார், அழிப்பார், மீண்டும் எழுதுவார். அதன் பிறகு மனத்தை ஆற்றிக்கொள்ளக் குறுங்காணொளிகள்.

இதில் நீலம் எங்கே இருக்கிறது? அந்தத் தாயின் கேள்வி செம்மஞ்சள் திரையில் வந்தாலும் அதே கேள்விதான். அதிகாலை ஐந்தேகாலுக்கு எழுந்திருக்க வேண்டியவருக்கு, படுக்கையில் கைப்பேசியோடு கழிந்த ஒன்றரை மணி நேரம் தூக்கத்திலிருந்து நேரடியாகக் கழிந்துவிட்டது. அந்தக் கழித்தலுக்கு வடிகட்டி எதுவும் கிடையாது.

இரண்டு வாரம் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னேன். ஒளியையும் கைப்பேசிப் பழக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம், எது உதவியது என்று தெரியாமல் போய்விடும் என்றேன். முதல் வாரம் ஒளியை மட்டும் மாற்றினார்: பத்து மணிக்குக் கூடத்துக் குழல் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் மஞ்சள் விளக்கு, திரையின் பிரகாசம் மிகக் கீழே. பிரகாசக் கோடு கடைசிவரை இறங்கியும் கூசினால் ஆண்ட்ராய்டில் Extra dim என்ற வசதியும், ஐபோனில் Reduce White Point என்ற வசதியும் இன்னும் கீழே இறக்கும். இரண்டாம் வாரம் அதோடு சேர்த்துக் கைப்பேசியைக் கூடத்தில் மின்னேற்ற வைத்துவிட்டு, எழுப்புவதற்கு ஒரு சிறிய அலாரக் கடிகாரம்.

முதல் வாரத்தில் பெரிய மாற்றமில்லை என்றார். கண் கூசுவது மட்டும் குறைந்ததாம். இரண்டாம் வாரத்தில் ஐந்து இரவுகள் பதினொன்றே முக்காலுக்குள் தூங்கிவிட்டதாகக் குறித்துக்கொண்டு வந்தார். இரண்டு இரவுகள் பழையபடி. ஒருவருடைய இரண்டு வாரம் ஆராய்ச்சி ஆகாது. ஆனால் அது அவருடைய வீடு, அவருடைய படுக்கை. அவருக்குத் தேவையான விடை அதில் இருந்தது.

பகல் ஒளிக்குத் திரும்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியே எழுகிறது. டீச்சர் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஆறரைக்கு இன்னும் இருட்டு. பிறகு வகுப்பறை, ஆசிரியர் அறை, மாலையில் குளிரூட்டிய வீடு. பகலில் போதிய ஒளியைக் காணாத கண்ணை, இரவில் சிறிய ஒளியும் எளிதில் ஏமாற்றும். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வில், பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் டேப்லெட்டில் வாசித்ததால் மெலட்டோனினில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. நம் வானம் மேகமூட்டமாக இருந்தாலும் திறந்தவெளியில் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்காராமல் திடலோரமாக நடந்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

கண் எரிச்சல் வேறு வழக்கு

இங்கேதான் என் தொழில் வருகிறது. கண் களைப்புக்கு நீல ஒளியைக் காரணமாகக் காட்டும் நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகளைப் பற்றிய 17 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா டௌனி அதில் முக்கியப் பங்காற்றினார். சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், கணினித் திரையால் வரும் கண் அயர்ச்சியை இவை குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்பது முடிவு. தூக்கத்துக்கு உதவுமா என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை. இத்தகைய கண்ணாடிகள் பொதுவாக நீலத்தில் 10 முதல் 25 விழுக்காடுதான் தடுக்கின்றன என்றும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். கைப்பேசியின் பொத்தான் இலவசமாகச் செய்வதைவிட இது குறைவு.

டீச்சரின் கண்ணில் இரண்டு காரணங்கள் கிடைத்தன. ஒன்று வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் நெகிழ்ச்சி குறைந்து, அருகில் உள்ளதைத் தெளிவாக்கக் கண் சிரமப்படுகிறது. 46 வயதில் 30 சென்டிமீட்டரில் கைப்பேசியைப் பிடித்து வாசிப்பதென்றால், கண் தன் வலிமையில் பெரும்பகுதியை விடாமல் செலவழிக்கிறது என்று பொருள். நாள் முடிவில் நெற்றி வலியும் மங்கலும் வராமல் இருந்தால்தான் வியப்பு. இதை வீட்டிலேயே உணரலாம்: எழுத்து மங்கும்போது கைப்பேசியை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். தெளிந்தால் பெரும்பாலும் வெள்ளெழுத்துதான். அவருக்கு வாசிப்பதற்காக +1.00 கூடுதல் சக்தி தேவைப்பட்டது.

இரண்டாவது, இமைப்பது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்குகிறது. இமைப்பதும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கண்ணீர்ப் படலம் உலர்கிறது, எரிகிறது. டீச்சர் படுக்கையில் மேசை விசிறியை முகத்துக்கு நேராக வைத்திருந்தார், மேலே குளிரூட்டி. எரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இதற்கும் சோதனை உண்டு: கண்ணை மெல்ல முழுமையாக மூடித் திறந்து, அப்படி நான்கைந்து முறை செய்யுங்கள். எழுத்து ஒரு கணம் தெளிந்து மீண்டும் மங்கினால் வறட்சிதான். விசிறியைக் கால்பக்கம் திருப்பச் சொன்னேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்திச் சாலைக்கு எதிர்ப்புறக் கட்டடத்தைப் பார்த்து முழுமையாக இமைக்கச் சொன்னேன். ஒரு கண்ணில் மட்டும் வலி, ஒளிக்கீற்றுகள் மின்னுவது, திடீரென்று திரை விழுந்ததுபோல் பார்வை மறைவது போன்றவை இருந்தால் இந்த வேலையெல்லாம் வேண்டாம், அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

திரையின் நீலம் விழித்திரையைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்தையும் அவர் கேட்டார். கைப்பேசி தரும் ஒளி, பகலில் நிழலில் நின்று வானத்தைப் பார்க்கும்போது கண்ணுக்குள் போகும் ஒளியில் ஒரு சிறு துளி. திரையால் விழித்திரை கெட்டதாக மனிதர்களிடம் சான்று இல்லை. பிரிட்டனில் ஒரு கண்ணாடி நிறுவனம் இந்த அச்சத்தை வைத்து விளம்பரம் செய்ததற்காக 2017-இல் அங்குள்ள கண்ணியல் மன்றம் 40,000 பவுண்டு அபராதம் விதித்தது.

அந்தச் சனிக்கிழமை கிளம்பும்முன் டீச்சர் கேட்டார்: “அப்போது அந்த நீலத் தடுப்புப் பூச்சு வேண்டாமா, தம்பி?” வேண்டாம் என்றேன். அதற்குரிய தொகையைச் சேர்க்காமல், வெள்ளெழுத்துக்கான வில்லையை மட்டும் குறித்துக்கொடுத்தேன். கைப்பேசியின் செம்மஞ்சள் நிறத்தை அணைத்துவிடவா என்று கேட்டதற்கு, அது பிடித்திருந்தால் இருக்கட்டும், பிரகாசக் கோட்டை மட்டும் கீழே வையுங்கள் என்றேன். என் முன்னாலேயே விரலால் அதைக் கீழே இழுத்தார். பாதியைத் தாண்டியதும் நின்றார்; இன்னும் சற்று என்றேன்; இன்னும் சற்று இழுத்தார்.